கைகூப்பிய பொம்மை எங்கே போய்ச் சேர்ந்தது?

கேள்வி: அண்ணா, எபேனில் ஒரு கால் சென்டரில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன். பிரான்ஸ் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லும் பிரிவு. ஒரு பயண நிறுவனத்தில் டீம் லீடர் வேலை இருப்பதாகக் கேள்விப்பட்டு, அங்கே இருக்கும் ஹெச்.ஆர். மேடத்துக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். பிரெஞ்சில் எழுதியதைத் தமிழில் தருகிறேன்: "வணக்கம் மேடம் 🙏🙏😊 எப்படி இருக்கிறீர்கள்? உங்கள் கம்பெனியில் வேலை இருப்பதாகக் கேள்விப்பட்டேன் 😅 எனக்கு ரொம்ப ஆர்வம் 🔥💪 சி.வி. அனுப்பட்டுமா மேடம்? 🙏" நீல டிக் விழுந்து ஒன்பது நாள் ஆகிறது, பதில் இல்லை. லிங்க்ட்இன் ஹெட்லைனில் 🚀 🇲🇺 போட்டால்தான் கண்ணில் படும் என்கிறாள் தோழி. "வேலை கேட்டு எழுதும்போது பொம்மை போடுவார்களா?" என்கிறார் அப்பா. யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி, ரோஸ் ஹில், மொரிஷியஸ்

தங்கைக்கு,

முதல் செய்தியைப் பொறுத்தவரை அப்பா சொல்வதைக் கேளுங்கள். தோழி சொல்வதில் கொஞ்சத்தைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம், அந்த ராக்கெட்டையும் கொடியையும் விட்டுவிட்டு.

பதில் வராததற்கு எமோஜிதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். நானும் எபேனில் ஆளெடுக்கும் வேலையில்தான் இருக்கிறேன். அந்த மேடத்தின் நாற்காலியில் உட்கார்ந்து உங்கள் செய்தியைப் படித்துப் பார்த்தேன். ஏழு எமோஜி இருக்கிறது. உங்கள் பெயர் இல்லை. எந்த வேலைக்கு என்று இல்லை. மூன்று வருட அனுபவம் இருப்பதும் இல்லை. தெரியாத எண்ணிலிருந்து வந்த செய்தி. பதில் எழுத வேண்டுமென்றால் நீங்கள் யார், எந்தப் பணி, இப்போது எங்கே வேலை என்று அவரே மூன்று கேள்வி கேட்க வேண்டும். மதியம் பார்க்கலாம் என்று தள்ளி வைத்திருப்பார். அப்புறம் அதற்கு மேலே இருபது செய்தி வந்து விழுந்திருக்கும். படம் போட்டதை விட, படம் போட்டதும் எல்லாம் சொல்லியாகிவிட்டது என்று உங்களுக்குத் தோன்றியதுதான் சிக்கல். "ரொம்ப ஆர்வம் 🔥💪" என்று எழுதும்போது கை நிறையச் சொன்ன மாதிரி இருக்கிறது. அந்தப் பக்கம் போய்ச் சேர்வது "ஆர்வம்" என்ற ஒரு சொல் மட்டுமே, அதை எல்லோரும்தான் எழுதுகிறார்கள்.

நம் ஊரில் இதை விளக்குவது சுலபம். கிரியோலில் முன்பின் தெரியாத பெரியவரிடம் யாராவது "தோ" என்று தொடங்குவார்களா? "ஊ" என்றுதான் தொடங்குவோம். பிரெஞ்சிலும் "வூ"தான், தமிழில் "நீங்கள்". எதிரே இருப்பவர் இறங்கி வந்தால் நாமும் இறங்குவோம். எமோஜியும் அந்த வகைதான். அது தவறான மொழி இல்லை, நெருக்கமானவர்களின் மொழி. வேலை கேட்கிறவர் அதை முதலில் எடுக்கக்கூடாது. வேலை கொடுக்கிறவர் எடுத்தால் நாமும் எடுக்கலாம். அளவும் அவர் போடும் அளவுதான். அவர் ஒன்று போட்டால் நீங்கள் ஒன்று போடுங்கள், மூன்று வேண்டாம்.

இது என் சொந்த ருசி மட்டும் என்று நினைக்க வேண்டாம். இஸ்ரேலிலும் நெதர்லாந்திலும் உள்ள ஆய்வாளர்கள் மூன்று பேர் சேர்ந்து 2017-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். 29 நாடுகளைச் சேர்ந்த 549 பேர் கலந்துகொண்ட ஆய்வு அது. முன்பின் அறியாத ஒருவரிடமிருந்து வரும் அலுவலக மின்னஞ்சலில் சிரிப்பு முகம் இருந்தால், படிப்பவர்களுக்கு அனுப்பியவர் மேல் கூடுதல் அன்பு எதுவும் வரவில்லை. திறமை குறைந்தவர் என்ற எண்ணம்தான் வந்தது. நேரில் சிரித்தால் கிடைப்பது இங்கே கிடைக்கவில்லை. ஆனால் சிரித்த முகம் உள்ள புகைப்படம் அப்படி இல்லை, அது நல்ல எண்ணத்தையே கொடுத்தது. எழுத்து சாதாரணமாக, பேச்சுவாக்கில் இருக்கும் இடங்களில் இந்தப் பாதகமும் குறைந்துவிட்டது. எனக்கு இதில் பிடித்தது கையோடு செய்யக்கூடிய ஒரு விஷயம்: சிரிப்பை வாக்கியத்திலிருந்து எடுத்து லிங்க்ட்இன் போட்டோவில் வையுங்கள். உங்கள் தோழி தேடும் நட்பான தோற்றத்துக்கு அதுதான் இடம்.

இப்போது அந்த 🙏. தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரும் இதில்தான் மாட்டிக்கொள்கிறோம், நான் உட்பட. நமக்கு அது கைகூப்பி வணக்கம். தைப்பூசக் காவடி வாழ்த்துக்கும் அதுதான், வருஷப் பிறப்புக்கும் அதுதான், வாத்தியாருக்கு நன்றி சொல்லவும் அதுதான். விரல் தானாகப் போய் அழுத்துகிறது. ஆனால் அந்த மேடத்தின் போன் பிரெஞ்சில் இருந்தால், அந்தப் படத்துக்கு அங்கே உள்ள பெயர் "பிரார்த்தனை செய்யும் கைகள்" என்ற பொருளில் வருகிறது. ஆங்கிலத்தில் வெறுமனே "மடக்கிய கைகள்". ஜப்பானில் அது தயவுசெய்து என்பதற்கும் நன்றிக்கும் போடுவது. சிலர் அதை இரண்டு பேர் கை தட்டிக்கொள்வது என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் மரியாதையாகக் கும்பிட்டீர்கள். அவருக்கு அது கெஞ்சுவது போல விழுந்திருக்கலாம், அதுவும் மூன்று முறை. வேலைக்குத் தகுதியுள்ள ஆள் கெஞ்சுவது போலத் தெரிவதில் ஒரு லாபமும் இல்லை. வணக்கத்தை எழுத்தில் சொல்லுங்கள், அதற்கு ஒரு சொல் நம்மிடம் இருக்கிறது, பிரெஞ்சிலும் இருக்கிறது.

😅 பற்றியும் ஒரு வரி. வியர்வையோடு சிரிக்கும் முகம் அது, கூச்சத்தை மறைக்கப் போடுவது. வேலை இருக்கிறதா என்று கேட்பதில் கூச்சப்பட என்ன இருக்கிறது?

இதையெல்லாம் விடப் பெரிய காரணம் இன்னொன்று இருக்கிறது. வெளியிலிருந்து அது தெரியாது. நீங்கள் அனுப்பும் செய்தி அந்த மேடத்தின் போனிலேயே நின்றுவிடுவதில்லை. அவருக்கு அது பிடித்திருந்தால் நகலெடுத்து மேனேஜருக்கு மெயிலில் போடுவார், எக்செல் பட்டியலில் ஒட்டுவார், கம்பெனியின் விண்ணப்ப மென்பொருளில் ஏற்றுவார். உங்களைப் பார்த்தே இராத மேனேஜர், அலுவலக விண்டோஸ் கம்ப்யூட்டரில், வேறு பத்துப் பேரின் கடிதங்களுக்கு நடுவே அதைப் படிப்பார். வாட்ஸ்அப்பில் இயல்பாக இருந்த 🔥 அங்கே அந்நியமாக உட்கார்ந்திருக்கும். அதாவது, ஒழுங்காக உட்கார்ந்தால்.

உட்காராமல் போன ஒரு கதை சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனத்துக்காக ஆள் தேடிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். விண்ணப்பங்கள் எல்லாம் அவர்களுடைய வலைப்படிவம் வழியாகத்தான் போக வேண்டும். ஒரு பையனைப் பற்றி அங்கிருந்த மேனேஜர் போன் செய்து, "என்னப்பா, கவர் லெட்டரில் வணக்கம் என்று மட்டும் எழுதி அனுப்பியிருக்கிறான், விளையாடுகிறானா?" என்றார். எனக்கு ஆச்சரியம். காரணம், அதே கடிதத்தை அவன் எனக்கும் மெயிலில் அனுப்பியிருந்தான். நல்ல கடிதம், ஒரு பக்கம். எடுத்துப் பார்த்தேன். முதல் வரி "வணக்கம் 🙏". அந்தப் படத்துக்கு முன்னால் இருந்தது மட்டும் அவர்களிடம் போய்ச் சேர்ந்திருந்தது. படமும் அதற்குப் பின்னால் இருந்த முழுப் பக்கமும் காணவில்லை.

ஏன் என்று எங்கள் கம்ப்யூட்டர் ஆளிடம் கேட்டேன். அவர் சொன்னதைச் சுருக்கமாகத் தருகிறேன். கம்ப்யூட்டர் ஒவ்வொரு எழுத்தையும் பைட்டுகளாகச் சேமிக்கிறது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ் எழுத்துக்கு மூன்று, இந்த எமோஜிகளுக்கு நான்கு. மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தளத்தில் `utf8` என்று ஒரு பழைய அமைப்பு உண்டு. அது ஒரு எழுத்துக்கு மூன்று பைட் வரைதான் ஏற்கும். நான்கு பைட் உள்ளது வந்தால், கண்டிப்பு குறைவாக அமைத்திருக்கும் இடங்களில், அங்கேயே வெட்டிவிட்டு முன்னால் இருப்பதை மட்டும் வைத்துக்கொள்ளும். விண்ணப்பித்தவருக்கு எந்தப் பிழைச் செய்தியும் வராது. "நன்றி, பெற்றுக்கொண்டோம்" என்றுதான் வரும். `utf8mb4` என்ற புது அமைப்புக்கு மாறியவர்களிடம் இந்தச் சிக்கல் இல்லை. யார் மாறினார்கள், யார் மாறவில்லை என்று விண்ணப்பிப்பவருக்கு எப்படித் தெரியும்? வேடிக்கை என்னவென்றால், அந்தப் பையன் படம் போடாமல் முழுக் கடிதத்தையும் தமிழில் எழுதியிருந்தால்கூட முழுசாகப் போயிருக்கும். ஒற்றைப் படம்தான் கவிழ்த்தது.

எல்லா இடத்திலும் இப்படி வெட்டு விழும் என்று பயப்பட வேண்டாம். அதிகமாக நடப்பது இதைவிடச் சின்னது: படம் இருந்த இடத்தில் கேள்விக்குறி நிற்கும், வெறும் கட்டம் நிற்கும், அல்லது `ðŸ` என்று தொடங்கும் கிறுக்கல் நிற்கும். படிவத்தில் அனுப்பும் முன் முன்னோட்டம் காட்டினாலோ, அனுப்பிய பின் நகல் மெயிலில் வந்தாலோ, அதில் இந்த மூன்றில் எதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அவர்கள் பக்கமும் அதைத்தான் பார்க்கிறார்கள். படிவம், மெயில், சி.வி. மூன்றிலும் எமோஜி பூஜ்யம் என்று வைத்துக்கொண்டால் இந்தச் சோதனையே தேவைப்படாது. சி.வி.யில் போன் எண்ணுக்கு முன்னால் போடும் 📞, மெயிலுக்கு முன்னால் போடும் 📧 இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். "தொலைபேசி" என்று எழுதினால் மனிதருக்கும் புரியும், மென்பொருளுக்கும் புரியும்.

சரி, உங்கள் செய்தியைத் திரும்ப எழுதுவோம். நான் எழுதினால் இப்படி இருக்கும்:

"வணக்கம் மேடம். என் பெயர் (உங்கள் பெயர்), ரோஸ் ஹில்லில் இருக்கிறேன். உங்கள் நிறுவனத்தில் வாடிக்கையாளர் சேவை டீம் லீடர் பணிக்கு ஆள் எடுப்பதாக அறிந்தேன். எபேனில் மூன்று வருடமாக பிரான்ஸ் வாடிக்கையாளர் பிரிவில் இருக்கிறேன். புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் என் பொறுப்பில் வருகிறது. சி.வி.யை இத்துடன் வைத்திருக்கிறேன். மெயிலில் அனுப்புவதுதான் உங்களுக்கு வசதி என்றால் முகவரி தாருங்கள், இன்றே அனுப்பிவிடுகிறேன். நன்றி."

பயிற்சி கொடுக்கும் வரி என் ஊகம்தான். டீம் லீடர் வேலைக்கு யாரையாவது வழிநடத்திய ஏதோ ஒன்று வேண்டும். உங்களிடம் உண்மையில் இருப்பதை அந்த இடத்தில் போடுங்கள். இந்தச் செய்தி விறைப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. "உங்களுக்கு வசதி என்றால்" என்ற இடத்தில் 😊 செய்யும் வேலை நடந்துவிடுகிறது. 💪 செய்யவேண்டிய வேலையை "மூன்று வருடமாக" செய்துவிடுகிறது. எதையாவது படமாகப் போடத் தோன்றும்போதெல்லாம், அந்தப் படம் என்ன சொல்ல வந்தது என்று கேட்டு அதை ஒரு சொல்லாக்கிப் பாருங்கள். சில சமயம் சொல்ல எதுவுமே இருக்காது, அப்போது விட்டுவிடலாம். இன்னொன்று: "சி.வி. அனுப்பட்டுமா?" என்று கேட்காதீர்கள், சேர்த்தே அனுப்புங்கள். கேட்டால் அவருக்கு ஒரு வேலை கூடுகிறது.

இனி அவர் பதில் எழுதுகிறார் என்று வைப்போம். "நன்றி, வியாழன் காலை 10 மணிக்கு வர முடியுமா? 🙂" இப்போது கதவு திறந்துவிட்டது. "வியாழன் 10 மணிக்கு வந்துவிடுகிறேன் மேடம், எபேன் அலுவலகம்தானே? நன்றி 🙂" என்று தாராளமாக எழுதலாம். இங்கே எமோஜி இல்லாமல் எழுதினாலும் குறை இல்லை, ஆனால் போட்டால் ஒரு தவறும் இல்லை. வாக்கியம் முடிந்த பிறகு ஒன்று, அவ்வளவுதான். நடுவில் சொல்லுக்குப் பதிலாகப் போட வேண்டாம். நேரம், தேதி, சம்பளம் பேசும் இடத்தில் வெறும் 👍 மட்டும் அனுப்ப வேண்டாம். பார்த்தேன் என்கிறீர்களா, சம்மதம் என்கிறீர்களா என்று அதில் தெரியாது. கனடாவில் 2023-ல் ஒரு நீதிமன்றம், ஒப்பந்தத்தின் படத்தைப் போனில் அனுப்பிக் கேட்டவருக்குப் போன 👍-ஐச் சம்மதக் கையெழுத்தாகவே எடுத்துக்கொண்டு, சரக்கைக் கொடுக்காதவர் 82,000 கனடிய டாலருக்கு மேல் கட்ட வேண்டும் என்று தீர்ப்பு சொன்னது. அது கனடாச் சட்டம், விவசாயச் சரக்கு. நம் ஊர் ஆஃபர் லெட்டருக்கு நேராகப் பொருந்தாது. ஆனால் ஆஃபர் லெட்டர் போட்டோவுக்கு 👍 போடும் முன் எனக்கு அது ஞாபகம் வரும்.

அடுத்து லிங்க்ட்இன். தோழி சொன்ன 🇲🇺 எனக்கும் பிடித்த கொடிதான். உங்கள் போனில் நான்கு நிறத்தில் அழகாகத் தெரியும். ஆனால் விண்டோஸில் நாட்டுக் கொடி எமோஜிகளே கிடையாது. அலுவலகக் கம்ப்யூட்டரில் குரோமில் திறக்கிறவருக்கு உங்கள் ஹெட்லைனின் ஓரத்தில் `MU` என்று இரண்டு எழுத்து மட்டும் தெரியும், ஏதோ அச்சுப்பிழை போல. ஆளெடுக்கிறவர்கள் பெரும்பாலும் போனில் இல்லை, அந்தக் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறோம். நீங்கள் மொரிஷியஸில் இருப்பது இடம் என்ற கட்டத்திலேயே இருக்கிறது.

ராக்கெட்டில் பிழை எதுவும் வராது, எங்கும் ஒழுங்காகத் தெரியும். ஆனால் அதனால் ஆவதும் ஒன்றும் இல்லை. நாங்கள் ஆளைத் தேடும்போது சொற்களைத்தான் தட்டச்சு செய்கிறோம்: டீம் லீடர், பிரெஞ்சு, பயணத் துறை. 🚀 என்று யாரும் தேடுவதில்லை. ஹெட்லைனுக்கு 220 எழுத்து இடம் உண்டு, ஆனால் தேடல் பட்டியலில் அதன் முன்பகுதிதான் தெரிகிறது. அந்த முன்பகுதியை "வாடிக்கையாளர் சேவை | பிரெஞ்சு, ஆங்கிலம், கிரியோல் | பயணத் துறை" போன்ற சொற்களுக்குக் கொடுங்கள். பெயர்க் கட்டத்தில் எதையும் சேர்க்கவே கூடாது, லிங்க்ட்இன் விதியே அதை அனுமதிப்பதில்லை.

ஒரே ஒரு தடவை உங்கள் ப்ரொஃபைலைக் காதால் கேட்டுப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர் என்று பார்வையற்றவர்களுக்கான வாசிப்பான் இருக்கிறது. அது ஒவ்வொரு எமோஜியையும் அதன் பெயரைச் சொல்லி வாசிக்கும். ஐந்து வரிக்கு முன்னால் ஐந்து ✅ வைத்திருந்தால் அந்தப் பெயரை ஐந்து முறை சொல்லும். தடித்த எழுத்து மாதிரி தெரிய வேண்டும் என்று சிலர் வேறொரு தளத்தில் மாற்றி ஒட்டும் ஆங்கில எழுத்துகள் உண்மையில் கணிதக் குறிகள். அவற்றை வாசிப்பான் கணிதக் குறியாகவே சொல்லும், சிலவற்றைச் சொல்லாமல் தாண்டிவிடும். உங்கள் பெயர் அப்படி இருந்தால் உங்கள் பெயரே கேட்காது.

பிறகு எங்கேதான் போடுவது? "என்னைப் பற்றி" பகுதியின் கடைசியில், தொடர்புக்கான வரிக்கு முன்னால் ஒரு ✉️ வைத்தால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். நீங்கள் எழுதும் பதிவுகளில், தோழியின் வேலை உயர்வுக்கு வாழ்த்துச் சொல்லும் இடத்தில், விருப்பம் போல 🎉 போடுங்கள். ஹோட்டல்களின் சமூக ஊடகப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு விண்ணப்பிப்பதாக இருந்தால்கூட என் பதில் மாறாது: நீங்கள் செய்த பதிவுகளை இணைத்துக் காட்டுங்கள், எமோஜி அந்த மாதிரிப் பதிவுகளில் இருக்கட்டும், கடிதத்தில் வேண்டாம்.

கடைசியாக, அந்தப் பழைய செய்தி. அழித்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பீர்கள். வாட்ஸ்அப்பில் அனைவருக்கும் அழிக்கும் வசதி இரண்டு நாள் சொச்சம்தான் நிற்கும், ஒன்பது நாளுக்குப் பின் அவர் போனிலிருந்து போகாது. மன்னிப்பும் கேட்க வேண்டாம், 🙈-ம் வேண்டாம். அதற்குக் கீழேயே புதுச் செய்தியைப் போடுங்கள். அனுப்பும் முன் அதை உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்பி, ஏதாவது ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டரில் திறந்து படியுங்கள். அப்பாவும் பக்கத்தில் இருந்து படிக்கட்டும், பிரெஞ்சில் எழுத்துப்பிழை பார்க்க ஒரு ஆள் வேண்டும்.